சொந்தக்காரரோடு ஒப்பந்தம்: கூட்டக் குறிப்பில் காரணம் எங்கே?

2008 டிசம்பர் 16 அன்று ஹைதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. மேடாஸ் பிராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா என்ற இரண்டு கட்டுமான நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாமா என்பதுதான் கூட்டத்தின் பொருள். அந்த இரண்டும் சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு சம்பந்தப்பட்டவை. அவருடைய மகன்கள் அவற்றின் பொறுப்பில் இருந்தார்கள். மென்பொருள் எழுதிச் சம்பாதித்த பணம் தலைவரின் வீட்டுப்பக்க நிலத்துக்கும் சாலைக்கும் போகவிருந்தது. இயக்குநர் குழு ஏகமனதாக ஒப்புதல் தந்தது. செய்தி வெளியானதும் நியூயார்க் சந்தையில் சத்யம் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்தில் நிறுவனம் முடிவைக் கைவிட்டது. அடுத்த மாதம் 7ஆம் தேதி ராஜு எழுதிய ஒப்புதல் கடிதம் வெளியானது. கணக்கில் காட்டிய பல ஆயிரம் கோடி ரூபாய் வங்கியில் இல்லை என்றும், இல்லாத சொத்தின் இடத்தில் உண்மையான சொத்தை வைக்க மேடாஸ் பேரம் கடைசி முயற்சி என்றும் அதில் சொல்லியிருந்தார்.

இந்தக் கதையில் பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பது கணக்கு மோசடியை. எனக்கு அதைவிடக் கற்றுத் தருவது அந்த டிசம்பர் கூட்டத்தின் குறிப்பு. பின்னர் வெளியான விவரப்படி, உறவு அங்கே மறைக்கப்படவில்லை. ராஜு சகோதரர்களுக்கு அதில் ஈடுபாடு உண்டு என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சுயேச்சை இயக்குநர்கள் வாய்மூடி இருக்கவும் இல்லை. சம்பந்தமில்லாத துறைக்குள் போவதன் ஆபத்தைப் பற்றிப் பேசினார்கள். விலை மதிப்பீட்டைப் பற்றிக் கேட்டார்கள். முதலிலிருந்தே எங்களைக் கலந்திருக்க வேண்டும், முடிந்துபோன முடிவுக்கு முத்திரை குத்த அழைத்தது போல ஆகிவிடக் கூடாது என்ற பொருளில் ஒருவர் சொன்னது கூடப் பதிவாகியிருக்கிறது. ஆக, வெளிப்படுத்தல் இருந்தது, சுயேச்சையான கருத்தும் இருந்தது. அந்தக் கருத்துக்கு என்ன பதில் கிடைத்தது, கேட்டவர்கள் எதனால் மனம் மாறிச் சம்மதித்தார்கள் என்ற காரணம் மட்டும் இல்லை. கேள்விகள் ஒரு பக்கம், ஒப்புதல் மறுபக்கம், நடுவில் வெற்றிடம். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தங்களில் பெரும்பாலான தவறு அந்த வெற்றிடத்தில்தான் ஒளிந்துகொள்கிறது.

சொந்தக்காரரோடு வியாபாரம் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. நம் ஊர்க் கம்பெனிகளில் பாதி, குடும்பத்து நிலத்தில் நின்று, மைத்துனர் பட்டறையிலிருந்து உதிரிப்பாகம் வாங்கி வளர்ந்தவைதான். சொந்தக்காரர் கொடுக்கும் விலை சில சமயம் சந்தையைவிட நல்லதாகவும் இருக்கும். ஆனால் அங்கே ஒரே ஆள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே வீட்டுக்குச் சொந்தமென்றால், சிறு பங்குதாரருக்காகவும் கடன் கொடுத்த வங்கிக்காகவும் பேரம் பேச ஆள் வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் அந்த ஆளை மூன்று வழியில் உண்டாக்கப் பார்க்கிறது. ஈடுபாடு உள்ளவர் அதைச் சொல்ல வேண்டும். ஈடுபாடு இல்லாதவர்கள் அவர் இல்லாமல் யோசிக்க வேண்டும். அவர்கள் யோசித்ததும் முடிவெடுத்ததும் எழுத்தில் நிற்க வேண்டும்.

இது எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பின்னலாடைக் கம்பெனி, பங்குச்சந்தையில் இல்லாத பப்ளிக் லிமிடெட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 120 கோடி ரூபாய். விற்றுமுதல் 100 கோடியைத் தொட்டுவிட்டதால் இரண்டு சுயேச்சை இயக்குநர்களும் ஒரு தணிக்கைக் குழுவும் அதற்குக் கட்டாயம். இயக்குநர்கள் ஐந்து பேர்: நிர்வாக இயக்குநர், அவருடைய தம்பி, தொழிற்சாலையைக் கவனிக்கும் தொழில்நுட்ப இயக்குநர், சுயேச்சை இயக்குநர்கள் இருவர். இவர்களில் குடும்பத்தைச் சேராத மூவர்தான் தணிக்கைக் குழு. இப்போதிருக்கும் கிடங்கின் வாடகைக் காலம் மே 31இல் முடிகிறது. நிர்வாக இயக்குநரின் மனைவிக்குச் சொந்தமாக, ஆலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் 18,000 சதுர அடிக் கிடங்கு ஒன்று காலியாக இருக்கிறது. சதுர அடிக்கு மாதம் 22 ரூபாய், பத்து மாத முன்பணம், ஒன்பது வருடக் குத்தகை, ஆண்டுக்கு எட்டு சதவீத ஏற்றம். இதுதான் முன்மொழிவு.

முதல் வேலை, கூட்டத்துக்கு முன்பே அனுப்பப்படும் நிகழ்ச்சி நிரல் குறிப்பு. இதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 15ஆம் விதி வெளிப்படையாகச் சொல்கிறது. எதிர்த்தரப்பு யார், என்ன உறவு, ஒப்பந்தத்தின் தன்மையும் காலமும் மதிப்பும் என்ன, முன்பணம் எவ்வளவு, விலை எந்த முறையில் நிர்ணயிக்கப்பட்டது என்பவை அதில் அடங்கும். அதே பட்டியலில் பலரும் தாண்டிப் போகும் ஒரு வரியும் உண்டு: ஒப்பந்தத்துக்குச் சம்பந்தமான எல்லா அம்சங்களையும் பரிசீலித்தாகிவிட்டதா, விட்டுப்போனவை உண்டென்றால் எவை, ஏன் விட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். நேர்மையாக நிரப்பப்பட்டால் இந்த வரி ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். வேறு கிடங்குகளை விசாரித்தோமா இல்லையா என்பதை இங்கே எழுதியாக வேண்டும். 'அனைத்து அம்சங்களும் பரிசீலிக்கப்பட்டன' என்று ஒற்றை வரியில் முடிக்கிற குறிப்பைப் பார்த்தால், எதுவும் பரிசீலிக்கப்படவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது உறவைச் சொல்வது. 'நிர்வாக இயக்குநர் தமது ஈடுபாட்டைத் தெரிவித்தார்' என்று எழுதினால் போதாது. என்ன ஈடுபாடு? கிடங்கு மனைவியின் பெயரில் மட்டுமா, இவரும் கூட்டு உரிமையாளரா? அதன் பேரில் வங்கிக் கடன் உண்டா, அந்தக் கடனுக்கு இவர் ஜாமீனா? கம்பெனி கொடுக்கும் வாடகையில்தான் அந்தக் கடன் தவணை கட்டப்படப் போகிறது என்றால், ஒன்பது வருடக் குத்தகை ஏன் கேட்கப்படுகிறது என்பது உடனே விளங்கிவிடும். உறவின் பெயரோடு உறவின் பலனையும் சொல்லும்போதுதான் மற்றவர்களால் எடைபோட முடிகிறது.

தம்பியின் நிலை கொஞ்சம் நுணுக்கமானது. சட்டம் உறவினர் என்று பெயர் சொல்லிப் பட்டியலிடுவது கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மகன், மருமகள், மகள், மருமகன், உடன்பிறந்தோர் ஆகியோரை. அண்ணி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இந்து கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினர்களும் பட்டியலில் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரியாதிருந்தால் அண்ணியும் அந்த வழியில் உறவினராகிவிடலாம். பட்டியலில் வராவிட்டாலும் என் கருத்து இதுதான்: தம்பி உறவைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். அண்ணியின் சொத்துக்கு வாடகை பேசும் இடத்தில் தம்பி நடுநிலையாக இருந்தார் என்று எந்த ஊரிலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வெளியே போவது என்றால் உண்மையிலேயே போவது. ஈடுபாடு உள்ள இயக்குநர் அந்தப் பொருள் விவாதிக்கப்படும்போது கூட்டத்தில் இருக்கக் கூடாது என்று அதே 15ஆம் விதி சொல்கிறது. கம்பெனி செயலாளர்கள் சங்கம் வகுத்த செயலகத் தரநிலை இதைக் காணொளி இணைப்புக்கும் பொருத்துகிறது. வாக்களிக்காமல் மட்டும் இருந்து, நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது போதாது. முதலாளி எதிரே உட்கார்ந்திருக்க, 'உங்கள் வீட்டம்மா கேட்கும் முன்பணம் அதிகம்' என்று எந்தத் தொழில்நுட்ப இயக்குநர் சொல்வார்? நிர்வாக இயக்குநர்தான் வழக்கமாகத் தலைமை வகிப்பவர் என்றால், இந்தப் பொருளுக்கு மட்டும் சுயேச்சை இயக்குநர் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும். எத்தனை மணிக்கு வெளியே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதைக் குறித்துவைப்பது நல்லது. நாற்பது லட்சம் ரூபாய் விஷயம் நான்கு நிமிடத்தில் முடிந்திருந்தால் அந்த நேரமே சாட்சி சொல்லும்.

இப்போது உள்ளே மூவர் இருக்கிறார்கள். முதலில் தணிக்கைக் குழுவாகவும் பிறகு இயக்குநர் குழுவாகவும் இவர்களே முடிவு செய்ய வேண்டும். தரகர் மூலம் வந்த வேறு மூன்று கிடங்குகளின் விவரம் முன்னால் இருக்கிறது. முதலாவது சதுர அடிக்கு 19 ரூபாய், ஆனால் நாற்பது அடிக் கன்டெய்னர் அந்தச் சந்துக்குள் திரும்பாது. இரண்டாவது 20 ரூபாய், ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தினம் மூன்று நடை, நடைக்கு 900 ரூபாய், மாதம் 26 வேலை நாள் என்று போட்டால் வண்டிச் செலவே 70,000 ரூபாயைத் தாண்டுகிறது, அதாவது சதுர அடிக்கு ஏறக்குறைய 4 ரூபாய். மூன்றாவது ஆலைக்குப் பக்கத்தில், 24 ரூபாய். மூன்றிலும் ஆறு மாத முன்பணம், ஆண்டுக்கு ஐந்து சதவீத ஏற்றம்.

இதை மேலோட்டமாகப் பார்ப்பவர் 22 ரூபாய் நியாயம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். முதல் வருடத்துக்கு அது நியாயம்தான். சுயேச்சை இயக்குநர்களில் ஒருவர் கால்குலேட்டரை எடுத்து எட்டு சதவீத ஏற்றத்தை வருடம் வருடமாகப் போட்டுப் பார்க்கிறார். நான்காவது வருடத்தில் வாடகை சதுர அடிக்கு 27 ரூபாய் 71 காசு ஆகிறது. மூன்றாவது கிடங்கின் 24 ரூபாய் ஐந்து சதவீத ஏற்றத்தில் அதே வருடம் 27 ரூபாய் 78 காசு. அதாவது நான்காவது வருடம் இரண்டும் சமம். ஐந்தாவது வருடத்திலிருந்து நிர்வாக இயக்குநரின் வீட்டுக் கிடங்குதான் சுற்றுவட்டாரத்திலேயே விலை கூடியது. ஒன்பதாவது வருடம் 40 ரூபாய் 72 காசு, மற்றது 35 ரூபாய் 46 காசு. ஒன்பது வருடத்துக்குள் கம்பெனி விலக வழியும் இல்லை.

முன்பணமும் ஒருவகை வாடகையே. பத்து மாதம் என்றால் 39 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வட்டியில்லாமல் அந்த வீட்டில் இருக்கும். கம்பெனியோ வங்கியில் ஓவர்டிராஃப்ட்டுக்கு 11 சதவீதம் வட்டி கட்டுகிறது. அந்த வட்டியைச் சதுர அடிக்கணக்கில் பிரித்தால் மாதம் 2 ரூபாய் வருகிறது. ஆறு மாத முன்பணமாக இருந்தால் 1 ரூபாய் 20 காசு. சந்தை விலையை ஒப்பிடுகிறோம் என்று சொல்லி வாடகையை மட்டும் ஒப்பிடுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அந்நியரோடு பேரம் பேசினால் எந்த நிபந்தனைகள் கிடைத்திருக்கும் என்பதே சட்டத்தின் கேள்வி. விலை அந்த நிபந்தனைகளில் ஒன்று மட்டும்.

இன்னொரு சுயேச்சை இயக்குநர் வேறொரு குறையைச் சொல்கிறார். மூன்று விலையும் ஒரே தரகர் மூலம் வந்தவை, அந்தத் தரகரும் நிர்வாக இயக்குநரின் அலுவலகம் அழைத்தவர். வெளிப்படையாக விளம்பரம் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சி. ஆனால் விளம்பரம் கொடுத்து, இடம் பார்த்து, பேசி முடிக்க இரண்டு மாதமாவது ஆகும். மே 31க்குள் சரக்கை மாற்றியாக வேண்டும். இப்படி ஒரு கருத்து வரும்போது மூன்று வழி உண்டு. அதை ஏற்றுப் பேரத்தை நிறுத்தலாம். அதை ஏற்க முடியாத காரணத்தை எழுதலாம். அல்லது கருத்தில் உள்ள ஆபத்தை நிபந்தனையால் குறைக்கலாம். நம் மூவர் மூன்றாவது வழியை எடுக்கிறார்கள். குத்தகையை ஐந்து வருடமாகக் குறைத்து, முதல் வருடத்துக்குப் பிறகு மூன்று மாத அறிவிப்பில் கம்பெனி விலகலாம் என்று நிபந்தனை போட்டு, இரண்டு வருடம் கழித்து வேறு தரகர்களிடம் விலை கேட்டு மறுபரிசீலனை செய்வதென்று முடிவாகிறது. ஏற்றம் ஐந்து சதவீதம், முன்பணம் ஆறு மாதம். இவற்றுக்கு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்த பிறகே ஒப்பந்தம்.

இப்போது இதையெல்லாம் கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது? வழக்கமாக நாம் காணும் குறிப்பு இப்படி இருக்கும்: 'கிடங்கு குத்தகை குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. கம்பெனியின் நலனுக்கு உகந்தது எனக் கருதி ஒருமனதாக ஒப்புதல் அளிக்கப்பட்டது.' இந்த இரண்டு வாக்கியத்தையும் எந்தக் கம்பெனியின் எந்த ஒப்பந்தத்துக்கும் எடுத்து ஒட்டலாம். நம் கிடங்குக்கு நான் எழுதச் சொல்வது ஏறத்தாழ இப்படி:

'நிர்வாக இயக்குநர், கிடங்கு தம் மனைவிக்கு மட்டுமே சொந்தமானது என்றும், அதன் பேரிலுள்ள வங்கிக் கடனுக்குத் தாம் ஜாமீன் என்றும் தெரிவித்தார். அவருடைய தம்பியும் உறவைத் தெரிவித்தார். இருவரும் 11.20க்கு வெளியேறினர். சுயேச்சை இயக்குநர் ஒருவர் தலைமை ஏற்றார். மூன்று மாற்றுக் கிடங்குகளின் ஒப்பீட்டு அட்டவணை முன்வைக்கப்பட்டது. முதலாவதில் கன்டெய்னர் நுழைய முடியாது. இரண்டாவதில் வண்டிச் செலவு சதுர அடிக்குச் சுமார் 4 ரூபாய் கூடும். முன்மொழிந்த 22 ரூபாய் முதல் வருடத்தில் மூன்றாவதைவிடக் குறைவு என்றாலும், எட்டு சதவீத ஏற்றத்தால் ஐந்தாம் வருடத்திலிருந்து அதைவிடக் கூடுகிறது என்று சுட்டிக்காட்டப்பட்டது. விலைகள் அனைத்தும் ஒரே தரகர் மூலம் பெறப்பட்டவை, விளம்பரம் கொடுத்திருக்க வேண்டும் என்ற தம் கருத்தைப் பதிவு செய்யுமாறு சுயேச்சை இயக்குநர் ஒருவர் கேட்டார். மே 31க்குள் இடம் மாற வேண்டியிருப்பதால் அதற்கு நேரமில்லை என்றும், அந்தக் குறையை ஈடுசெய்யக் குத்தகைக் காலத்தைக் குறைத்து விலகும் உரிமையும் இரண்டாண்டு மறுபரிசீலனையும் சேர்க்கலாம் என்றும் குழு கருதியது. அவர் இதை ஏற்றார். கீழ்க்கண்ட நிபந்தனைகளோடு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இருவரும் 12.05க்குத் திரும்பினர்.'

உண்மைக் குறிப்பில் ஒவ்வொரு இயக்குநரின் பெயரும் வரும். யார் என்ன சொன்னார் என்று சொல்லுக்குச் சொல் எழுத வேண்டியதில்லை. குறிப்பு நாடக வசனம் ஆகிவிடக் கூடாது. ஆனால் முன்மொழிவின் பின்னணி, விவாதத்தின் சாரம், பெரிய முடிவானால் அதன் காரணம் ஆகியவை இருக்க வேண்டும் என்று செயலகத் தரநிலை கேட்கிறது. எதிர்த்தவர் இருந்தால் அவர் பெயரும் எதிர்ப்பும் வர வேண்டும். சுயேச்சை இயக்குநரின் கவலை தீராமல் நின்றால், அதைக் குறிப்பில் பதியச் சொல்லி வற்புறுத்துவது அவருடைய கடமை என்றே சட்டத்தின் நான்காம் அட்டவணை சொல்கிறது. இது அவருக்குப் பாதுகாப்பும்கூட. நிறுவனத்தில் தவறு நடந்தால், தமக்குத் தெரிந்து, தம் சம்மதத்தோடு அல்லது தம் கவனக்குறைவால் நடந்தவற்றுக்கு மட்டுமே சுயேச்சை இயக்குநர் பொறுப்பாளி. அவர் கவனமாக இருந்தார் என்பதற்குப் பத்து வருடம் கழித்து மிஞ்சப்போகும் ஆதாரம் அந்தப் பக்கம் ஒன்றுதான்.

இந்தக் கிடங்குக்குப் பங்குதாரர் கூட்டத்தின் ஒப்புதல் தேவையில்லை. குத்தகை மதிப்பு விற்றுமுதலில் பத்து சதவீதத்தைத் தொட்டால்தான் அது வேண்டும். நமக்கு ஆண்டு வாடகை 47 லட்சத்து 52 ஆயிரம், அந்த எல்லையோ 12 கோடி. எல்லையைத் தொடும் ஒப்பந்தங்களில் தொடர்புடைய பங்குதாரர் வாக்களிக்கக் கூடாது என்பது பொது விதி. தனியார் கம்பெனிகளுக்கு இவற்றில் சில தளர்வுகள் உண்டு. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளுக்குப் பிடி இறுக்கம்: 2022 ஜனவரி முதல் தணிக்கைக் குழுவில் உள்ள சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே இத்தகைய பேரங்களுக்கு ஒப்புதல் தர முடியும். வழக்கமான தொழிலுக்குள் வந்து, அந்நியரோடு பேசி முடிப்பது போலவே அமைந்த பேரத்துக்கு 188ஆம் பிரிவின் இயக்குநர் குழு ஒப்புதல் தேவையில்லை என்ற விலக்கும் இருக்கிறது. இந்த விலக்கைச் சொல்லித்தான் பலரும் தப்பிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் அந்நியர் விலைதான் என்று யார் கணக்குப் பார்த்தது, எதை வைத்து என்பதையும் எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும். தணிக்கைக் குழு உள்ள கம்பெனியில் அதன் பார்வையிலிருந்து இந்த விலக்கு காப்பாற்றாது.

பழைய குறிப்பேட்டைப் புரட்டும் தணிக்கையாளர் எதைத் தேடுவார்? முதலில் தேதிகளை. மதிப்பீட்டு அறிக்கையின் தேதி கூட்டத்துக்குப் பிந்தியதாக இருந்தால், முடிவு முதலில், காரணம் பிறகு என்று அர்த்தம். முன்பணம் வங்கியிலிருந்து போன நாள் கூட்டத்துக்கு முந்தியதாக இருந்தாலும் அப்படித்தான். அடுத்து, மதிப்பீட்டாளரை நியமித்தது யார், அவருக்கு எந்தத் தகவலைக் கொடுத்தார்கள் என்று பார்ப்பார். உரிமையாளர் கொடுத்த சதுர அடிக்கணக்கை அப்படியே எடுத்து எழுதிய அறிக்கைக்கு எத்தனை முத்திரை இருந்தாலும் மதிப்பில்லை. பிறகு, ஒரே வார்த்தைகள் பல ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று. கடைசியாக, நிபந்தனையோடு தந்த ஒப்புதலில் அந்த நிபந்தனை கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று. குறிப்பில் ஐந்து சதவீதம், பத்திரத்தில் எட்டு சதவீதம் என்று இருந்தால் மேலே நடந்த எல்லாமே வீண்.

குறிப்பை எழுதும் காலமும் திட்டமானது. கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் வரைவு இயக்குநர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் திருத்தம் சொல்ல 7 நாள். 30 நாளுக்குள் குறிப்பேட்டில் ஏறிவிட வேண்டும். அந்த 7 நாளைப் பலர் வீணாக்குகிறார்கள். தாம் கேட்ட கேள்வி வரைவில் இல்லையென்றால், அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டிய நேரம் அது. ஏறிய குறிப்பைத் திருத்த முடியாது. அதில் கைவைப்பது இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பைப் பார்க்கும் உரிமை சாதாரணப் பங்குதாரருக்கு இல்லை. ஆனால் அதன் நிழல் விழும் இரண்டு இடங்களை அவர் பார்க்கலாம். ஒன்று, ஆண்டறிக்கையோடு வரும் ஏ.ஓ.சி.-2 படிவம். அந்நியர் விலையில் அமையாத பேரம் ஒவ்வொன்றையும் ஏன் செய்தோம் என்ற நியாயத்தை அதில் எழுத வேண்டும். இன்னொன்று, இயக்குநர்கள் ஈடுபாடு கொண்ட ஒப்பந்தங்களின் பதிவேடு. எம்.பி.பி.-4 என்று பெயர். பதிவு அலுவலகத்தில் வேலை நேரத்தில் எந்தப் பங்குதாரரும் அதைப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், கட்டணம் செலுத்திப் படியும் கேட்கலாம். உங்களிடம் ஒரு குடும்பக் கம்பெனியின் பத்துப் பங்கு இருந்தாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த ஆண்டறிக்கை வரும்போது லாபப் பக்கத்தோடு நிறுத்தாமல் அந்தப் படிவத்தையும் திறந்து பாருங்கள். 'கம்பெனியின் நலன் கருதி' என்று மட்டும் அதில் இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று காரணத்தைக் கேளுங்கள்.